நாற்பது வயதில் தாதியர் படிப்பு: ஒரு வங்கிக் காசாளரின் சனிக்கிழமைகள்

நாலாம் கவுண்டர்

வடமேற்கு லண்டனில் ஒரு வங்கிக் கிளையில் 17 ஆண்டுகளாகக் காசாளராக வேலை செய்கிறேன். எனக்கு 40 வயது நிறைவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் கிளையை மூடப்போவதாக அறிவித்தார்கள். அதே வீதியில் இருந்த மற்ற வங்கிகள் ஒவ்வொன்றாகக் காப்பிக் கடையாகவும் பல் வைத்திய நிலையமாகவும் மாறியதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் நாங்கள் என்பதால், அழுதவர் என்று யாரும் இல்லை. வேறு கிளைக்கு மாறலாம், தொலைபேசிப் பிரிவுக்குப் போகலாம், அல்லது ஓராண்டுச் சம்பளத்தைவிடச் சற்றுக் கூடுதலான தொகையை வாங்கிக்கொண்டு விலகலாம் என்று மூன்று வழிகளைச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றில் எது என்று வீட்டில் கேட்கிறார்கள். நான் யோசிப்பது நான்காவது ஒன்றை. அதை இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

கடந்த எட்டு மாதங்களாகச் சனிக்கிழமைகளில் ஒரு மருத்துவமனையின் முதியோர் வார்டில் பராமரிப்பு உதவியாளராக வேலை செய்கிறேன். முன் அனுபவம் இல்லாதவர்களையும் பயிற்றுவித்துச் சேர்த்துக்கொள்ளும் ஒரு திட்டத்தின் வழியாக அந்த இடம் கிடைத்தது. நிரந்தர வேலை அல்ல. ஆள் குறைவான நாள்களில் அழைப்பதற்கென்று மருத்துவமனை வைத்திருக்கும் பட்டியலில் என் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பட்டியலுக்கு இங்கே 'பாங்க்' என்றுதான் பெயர். வெள்ளிக்கிழமை ஒரு பாங்க், சனிக்கிழமை இன்னொரு பாங்க் என்று என் மேலாளர் சிரிப்பார். வீட்டுக் கடனுக்கு உதவட்டும் என்பதற்காகப் போகிறேன் என்று கணவர் நினைக்கிறார். அது பொய்யல்ல, முழு உண்மையும் அல்ல.

கழுவித் துடைப்பது, படுக்கை மாற்றுவது, சோறூட்டுவது ஆகியவற்றை என்னால் செய்ய முடியுமா என்பதுதான் முதலில் எனக்கிருந்த பயம். அது மூன்றாவது சனிக்கிழமையிலேயே போய்விட்டது. இப்போதிருக்கும் பயம் வேறு. அதைச் சொல்ல, சென்ற மாதம் நடந்த ஒன்றை விரிவாக எழுத வேண்டும்.

ஒரு முதியவர், 80 வயதைத் தாண்டியவர், சிறுநீர்த் தொற்றோடும் உடலில் நீர் வற்றியும் வந்திருந்தார். அவருக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தார்கள். பைக்கு மேலே இருக்கும் சிறிய அளவுப் பெட்டியில் மணிக்கொரு முறை எவ்வளவு சேர்ந்தது என்று பார்த்து எழுதுவது என் வேலை. காலை 8 மணிக்கு 60 மில்லி, 9 மணிக்கு 55, 10 மணிக்கு 65, 11 மணிக்கு 50. நண்பகல் 12 மணிக்குப் பார்த்தபோது 5 இருந்தது. 5 என்று எழுதினேன். 1 மணிக்கு ஒன்றும் இல்லை. 0 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குச் சாப்பாட்டுத் தட்டோடு போனேன். 2 மணிக்கு இரண்டாவது 0 எழுதக் கை போனபோதுதான், இந்த வரிசையைக் கணக்கேட்டில் பார்த்திருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகவே எழுந்திருப்பேனே என்று உறைத்தது. பொறுப்புத் தாதியைக் கூப்பிட்டேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. நேராகப் போர்வையை விலக்கினார். குழாய் முதியவரின் இடது தொடைக்கு அடியில் மடிந்து நசுங்கிக் கிடந்தது. ஸ்கேனரை அடிவயிற்றில் வைத்துப் பார்த்தார். குழாய் போட்ட ஒருவரின் சிறுநீர்ப்பையில் தேங்கியிருக்கக் கூடாத 220 மில்லி உள்ளே இருந்தது. குழாயை நேராக்கியதும் அது சில நிமிடங்களில் வடிந்தது. நண்பகலிலிருந்து போர்வையை இழுத்துக்கொண்டும் கையை அடிவயிற்றுக்குக் கொண்டுபோய்க்கொண்டும் இருந்த அந்த மனிதர் அடுத்த கால் மணி நேரத்தில் தூங்கிவிட்டார். அவர் அப்படி இழுத்துக்கொண்டிருந்ததைப் 'பதற்றம்' என்று யாரோ குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். நானும் அதை நம்பியிருந்தேன்.

பிறகு தாதி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கடைசியாக இவரை எத்தனை மணிக்குத் திருப்பிப் படுக்க வைத்தீர்கள்?" படுக்கைப் புண் வராமல் இருக்க உடலைத் திருப்பும் நேரங்களை எழுதும் தாள் கட்டிலின் கால்மாட்டிலேயே இருந்தது. 11.20 என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது.

இரண்டு தாள்களும் என் கையாலேயே எழுதப்பட்டவை. வங்கியில் இரண்டு பேரேடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடாமல் நான் ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை. இங்கே ஒன்றில் 11.20 என்றும் மற்றதில் 12 மணிக்கு 5 என்றும் எழுதிவிட்டு நடந்துகொண்டே இருந்திருக்கிறேன். என் பயம் இதுதான்: எண்ணை எழுதப் பழகிய கைக்கு மனிதரைப் பார்க்கப் பழக எத்தனை ஆண்டு ஆகும்? 40 வயதில் தொடங்கியவர்கள் யாராவது இருந்தால் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

கிளாஸ்கோ வாசி

தங்கச்சி, யோசிக்கவே வேண்டாம். என்னுடைய மனைவி 38 வயதில் இங்கே தாதியர் படிப்பில் சேர்ந்தார். கல்விக் கட்டணம் ஒரு சதமும் இல்லை. அதற்கு மேல் ஆண்டுக்கு 10,000 பவுண்டு உதவித்தொகை. திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. அரசாங்கமே படிக்க வைக்கும்போது வங்கி தரும் தொகையைச் சேமிப்பில் போட்டுவிட்டு நிம்மதியாகப் படிக்கலாம். மூன்று ஆண்டுகள் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

பழைய வார்டு சிஸ்டர்

அண்ணா சொல்வது ஸ்காட்லாந்துக்குச் சரி. தங்கச்சி இருப்பது இங்கிலாந்தில். இங்கே 2017 ஆகஸ்டுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய உதவித்தொகை இல்லை. மற்ற மாணவர்களைப் போலவே கட்டணத்துக்குக் கடன் எடுக்க வேண்டும். 2025 இலையுதிர் காலத்தில் சேர்ந்தவர்களுக்கு அது ஆண்டுக்கு 9,535 பவுண்டு. 2020-இல் ஆண்டுக்கு 5,000 பவுண்டு மானியம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சிறு பிள்ளைகள் இருந்தால் இன்னும் 2,000 கிடைக்கும். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் லண்டனில் வீட்டுக் கடன் கட்டும் ஒரு குடும்பத்துக்கு அது எத்தனை மாதம் போதும் என்பதை ஒரு காசாளருக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை.

நான் 20 ஆண்டுகளுக்கு மேல் வார்டுகளில் இருந்தவள். என்னிடம் பயிற்சிக்கு வந்த மாணவிகளில் 40 வயதைத் தாண்டியவர்கள் எப்போதும் இருந்தார்கள். அவர்கள் பாடத்தில் தோற்று நான் பார்த்தது குறைவு, மணிக்கணக்கில்தான் தோற்றார்கள். படிப்பு மொத்தம் 4,600 மணி நேரம், அதில் பாதி, அதாவது 2,300 மணி நேரம், வார்டிலும் வீடுகளிலும் செய்முறைப் பயிற்சி. ஒரு பகுதியைப் பயிற்சிக் கூடத்தில் பொம்மை நோயாளியை வைத்துக் கழிக்க இப்போது அனுமதி உண்டு. மற்றதெல்லாம் கட்டில் பக்கத்தில்தான். வாரம் 37½ மணி நேரம் என்று வகுத்துப் பாருங்கள், 61 வாரத்துக்கு மேல் வரும். அந்த வாரங்களுக்குச் சம்பளம் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் நின்றால் அந்த வாரத்தைப் பின்னால் செய்தே ஆக வேண்டும். ஒரு மணி நேரம் குறைந்தாலும் பதிவுக்கு அனுப்ப மாட்டார்கள்.

உங்கள் 12 மணித் தாளைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நோயாளியின் எடைக்கு, ஒரு கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி என்பது நாங்கள் மனத்தில் வைத்திருக்கும் கீழ் எல்லை. 60 கிலோ மனிதருக்கு 30 மில்லி. அதற்குக் கீழே போனால் கேள்வி கேட்க வேண்டும். ஆனால் எப்படிப் போனது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. 60, 45, 35, 25 என்று படிப்படியாக இறங்கினால் உடலில் நீர் போதவில்லை, இரத்த அழுத்தம் விழுகிறது, சிறுநீரகம் களைக்கிறது என்ற பக்கம் மனம் போக வேண்டும். 50-க்கு அடுத்து 5, பிறகு 0 என்று அறுந்து விழுந்தால் முதலில் குழாயைப் பார்க்க வேண்டும். நசுங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா, பை உடலைவிட உயரத்தில் தொங்குகிறதா, படுக்கை நனைந்திருக்கிறதா என்று. படுக்கை நனைந்திருந்தால் குழாயின் ஓரமாக வழிகிறது என்று அர்த்தம். இதைப் புத்தகத்தில் படித்த மாணவிகள் தேர்வில் சரியாக எழுதுவார்கள். கட்டிலருகே 0 என்று எழுதிவிட்டு நகர்வார்கள். நீங்கள் இரண்டாவது 0-க்கு நின்றீர்கள். நான் முதலாம் ஆண்டில் நான்காவதற்குத்தான் நின்றேன்.

திருச்சி கேஷியர்

சகோதரி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு இரவு முழுவதும் யோசித்தேன். நானும் வங்கியில் எழுத்தர்தான், வயது 38. அம்மாவுக்கு டயாலிசிஸ் நடந்த இரண்டு ஆண்டுகளில் நர்சிங் படிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. ஒரு கல்லூரிக்கு நேரில் போய்க் கேட்டேன். விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்தைக் காட்டினார்கள். சேர்க்கைக்கு உச்ச வயது 35. டிப்ளமாவுக்கும் அதே வரம்பு. நான் மூன்று ஆண்டு தாமதம். அங்கே இருந்த அம்மா "முன்னாடியே வந்திருக்கலாமே சார்" என்றார். உங்கள் ஊர் வங்கியில் நீண்ட விடுப்பு எடுத்துப் படிக்க விதி உண்டா? எங்கள் வங்கியில் ஊதியமில்லா விடுப்பு கேட்டால் எதற்கு என்று மூன்று மேசைகளுக்கு விளக்கம் எழுத வேண்டும்.

நாலாம் கவுண்டர்

ஐயா, எங்கள் வங்கியே இருக்கப் போவதில்லை என்பதால் விடுப்பு என்ற கேள்வி எழவில்லை. ஆனால் 35 என்ற அந்தக் கோட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. இங்கே மேல் வயது வரம்பு இல்லை. 'இனி முடியாது' என்று யாராவது சொல்லிவிட்டால் நிம்மதியாக இருக்குமே என்று சில இரவுகளில் நினைத்ததுண்டு. உங்களுக்கு ஒருவர் சொல்லிவிட்டார், அதனால் நிம்மதி வரவில்லை என்பதை உங்கள் எழுத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் ஆண்டோடு நின்றவள்

தங்கச்சி, உங்களை ஊக்கப்படுத்தவும் மாட்டேன், தடுக்கவும் மாட்டேன். நடந்ததை எழுதுகிறேன். நான் 41 வயதில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு நடுவில் விட்டுவிட்டேன். பாடத்தில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. மூன்றாவது பயிற்சி வார்டு வீட்டிலிருந்து ஒன்றேமுக்கால் மணி நேரப் பயணம். ஷிஃப்ட் காலை 7.30 முதல் இரவு 8 வரை. காலை 5.15-க்கு வீட்டை விட்டு இறங்கி இரவு பத்து மணிக்குத் திரும்பினால் பிள்ளைகள் இரண்டு நேரமும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். எந்த வார்டு என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, பல்கலைக்கழகம் ஒதுக்கும். அட்டவணையும் சில வேளைகளில் இரண்டு வாரம் முன்னதாகத்தான் கைக்கு வரும். அதை வைத்துப் பிள்ளை பார்க்க ஆள் பிடிப்பது எப்படி?

என் மாமியார் ஓராண்டு உதவினார். பிறகு அவருக்கு முழங்கால் சத்திர சிகிச்சை. அவ்வளவுதான். கடன் மட்டும் இரண்டாண்டுக்கு உரியதாக என் பெயரில் நிற்கிறது. இப்போது ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறேன். வருத்தப்படுகிறேனா என்று கேட்டால் வாரத்துக்கு ஒரு பதில் வரும்.

உங்கள் கணவரிடம் சொல்லாமல் யோசிக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்தப் படிப்பை வீட்டில் ஒருவர் மட்டும் படிக்க முடியாது.

கிளாஸ்கோ வாசி

சிஸ்டர் சொன்ன பிறகுதான் இங்கிலாந்து நிலவரம் தெரிந்தது, மன்னிக்கவும். அப்படியானால் தங்கச்சி குடும்பத்தோடு ஸ்காட்லாந்துக்கு வந்துவிடலாமே? வீட்டு விலையும் குறைவு.

பழைய வார்டு சிஸ்டர்

அண்ணா, அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. படிப்பதற்காக மட்டும் வந்து இறங்கியவருக்கு அந்த உதவித்தொகை கிடைத்துவிடாது. அங்கே குடியிருப்பவர் என்று காட்ட வேண்டும். பிள்ளைகளின் பள்ளியும் கணவரின் வேலையும் வேறு இருக்கின்றன.

இரண்டாம் ஆண்டில் நின்ற தங்கச்சி எழுதியதை நான் மறுக்க மாட்டேன். அதனால்தான் நாலாம் கவுண்டருக்கு வேறு ஒரு வழியைச் சொல்ல நினைத்தேன். சம்பளத்தோடு படிக்கும் வழி உண்டு. மருத்துவமனை தன் ஊழியர்களில் சிலரைத் தேர்ந்து தாதியர் பட்டப் படிப்புக்குத் தொழில் பழகுநராக அனுப்பும். பொதுவாக நான்கு ஆண்டு ஆகும். அல்லது இரண்டு ஆண்டில் துணைத் தாதி ஆகி, பிறகு வேலை செய்துகொண்டே மீதியைப் படித்து முழுத் தாதி ஆகலாம். காலம் நீளும், ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் வரும், தேசியக் காப்பீடும் ஓய்வூதியமும் அறுபடாது. ஒரு குறை: இதற்கு அனுப்புவது பெரும்பாலும் நிரந்தர ஊழியர்களைத்தான். பாங்க் பட்டியலில் இருப்பவர் எத்தனை ஆண்டு சனிக்கிழமை வந்தாலும் வரிசையில் நிற்க முடியாது. ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது அதே வார்டில் நிரந்தரப் பராமரிப்பு உதவியாளர் இடம் வருகிறதா என்று பார்ப்பது. சம்பளம் வங்கியைவிடக் குறைவாக இருக்கும். வங்கி தரும் தொகை அந்த இடைவெளியை எத்தனை மாதம் நிரப்பும் என்று கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று. படிப்பு முடிவதற்குள் மருந்துக் கணக்கில் ஒரு தேர்வு வரும். அதில் தேர்ச்சி மதிப்பெண் 100-க்கு 100. 98 எடுத்தால் தோல்விதான். அந்த ஒரு விஷயத்தில் உங்களுக்காக நான் கவலைப்படவில்லை.

திருச்சி கேஷியர்

100-க்கு 100 என்றால் நியாயம்தான். எங்கள் கவுண்டரிலும் ஒரு ரூபாய் குறைந்தால் கை காசைப் போட்டுத்தான் கணக்கை முடிக்கிறோம்.

பழைய வார்டு சிஸ்டர்

ஐயா, கை காசைப் போட்டு முடிக்க முடியாத கணக்கு அது.

நாலாம் கவுண்டர்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

சிஸ்டர் அக்கா சொன்ன கணக்கைப் போட்டேன். நிரந்தர உதவியாளர் இடத்துக்கு மாறினால் இப்போதைய சம்பளத்திலிருந்து குறையும் தொகையை வங்கி தரும் பணத்தால் நிரப்பினால் ஏறத்தாழ மூன்றரை ஆண்டு ஓடும். நான்கு ஆண்டுப் படிப்புக்கு ஆறு மாதம் துண்டு விழுகிறது. அதற்கு முன்னர் எத்தனை மாதம் என்னை வரிசையில் நிற்க வைப்பார்கள் என்பதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. துண்டு விழும் கணக்கை மூடி வைத்துவிட்டு எழுந்து போகும் பழக்கம் எனக்கு இல்லை என்பதால், மூன்று இரவுகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை வார்டு மேலாளரிடம் கேட்டேன். இடம் ஒன்று வருகிறது. படிப்புக்கு அனுப்பும் பட்டியலில் வர வேண்டுமானால் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் இங்கிலாந்துத் தகுதிக்கு இணையான சான்று வேண்டும் என்றார். நான் பள்ளியில் சாதாரண தரப் பரீட்சை எழுதியது 2001-இல், இலங்கையில், வன்னியில். கணிதத்தில் 'ஏ' எடுத்தேன். சான்றிதழின் மூலப் பிரதி 2009-இல் வீட்டோடு போயிற்று. கொழும்பில் பரீட்சைத் திணைக்களத்துக்கு எழுதிப் பிரதி பெறலாம், பிறகு அது இங்கே எதற்கு இணை என்று மதிப்பிட அனுப்பலாம். இரண்டுக்கும் காலம் ஆகும். அல்லது இங்கேயே பெரியவர்களுக்கான கணிதத் தேர்வை எழுதிவிடலாம். 17 ஆண்டுகளாக அடுத்தவர் பணத்தை எண்ணிக்கொடுத்த பெண்ணிடம் உனக்குக் கணக்குத் தெரியுமா என்று கேட்கிறார்கள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்தப் பழைய பரீட்சை மண்டபத்தின் தகரக் கூரை நினைவுக்கு வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

இரண்டாம் ஆண்டோடு நின்ற அக்காவுக்கு: நீங்கள் எழுதியதை ஐந்து முறையாவது வாசித்திருப்பேன். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் நேற்று இரவு அவர் தானாகவே, "சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வருகிற நாள்களில் மட்டும் நீ சாப்பாட்டு மேசையில் கதைக்கிறாய்" என்றார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. நானும் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

சென்ற சனிக்கிழமை அதே வார்டில் வேறொரு முதியவரைத் திருப்பிப் படுக்க வைத்தோம். தாளை எடுப்பதற்கு முன்பு குழாயை விரலால் மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தேன். பிறகு அவரிடம் வசதியாக இருக்கிறதா என்று கேட்டேன். தலையணை சரியில்லை என்றார், அதைச் சரிசெய்தேன். நேரத்தை எழுத மறந்துவிட்டேன். பொறுப்புத் தாதி கூப்பிட்டுத் தாளைக் காட்டினார்.

கணிதத் தேர்வுக்கு வரும் 14-ஆம் திகதி செவ்வாய்க்கிழமை பதிவு செய்திருக்கிறேன். இரண்டு பகுதி, முதல் பகுதிக்குக் கல்குலேட்டர் கொண்டுபோகக் கூடாது. அன்று வங்கியில் அரை நாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன்.